கண்டுபிடித்தவர் பெயர் என்னுடையது, காப்புரிமை லக்சம்பர்க்கில்: பேட்டன்ட் பாக்ஸ் பற்றி ஒரு கேள்வி

செந்தில் மியூனிக்:

வணக்கம். ஜெர்மனியில் ஒரு இயந்திர நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 18 வருடமாக வேலை செய்கிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். கண்டுபிடித்தவர் என்று என் பெயர் இருக்கும் காப்புரிமைகள் எட்டு. போன வாரம் ஒரு ஒப்பந்தத்துக்காக அவற்றின் எண்களைத் திரட்டியபோதுதான் கவனித்தேன், பெரும்பாலானவற்றின் உரிமையாளர் எங்கள் நிறுவனமே இல்லை. லக்சம்பர்க்கில் உள்ள ஒரு சகோதர நிறுவனம். அங்கே ஆய்வுக்கூடம் எதுவும் கிடையாது, அது எனக்கு நிச்சயம்.

விசாரித்தால், "அது பேட்டன்ட் பாக்ஸ் விஷயம், எல்லாம் சட்டப்படிதான்" என்று கணக்குப் பிரிவில் சொன்னார்கள். எனக்குப் புரியவில்லை. இங்கே உட்கார்ந்து நாங்கள் கண்டுபிடித்ததன் லாபம் எப்படி அங்கே போகிறது? அது எப்படி அனுமதிக்கப்பட்டது? இன்னும் நடக்கிறதா?

அருண்மொழி:

பேட்டன்ட் பாக்ஸ் என்பது ஆய்வுச் செலவுக்கு அரசு தரும் வரிச்சலுகை. நிறைய நாடுகளில் இருக்கிறது. ஆய்வு செய்யும் நிறுவனத்துக்கு ஊக்கம் தருவதில் தப்பில்லையே. அதிலிருந்த ஓட்டையையும் 2015-ல் வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி அடைத்துவிட்டது. இனிமேல் பிரச்சினை இல்லை.

மீனா லண்டன்:

அருண்மொழி, பாதி சரி. ஆய்வுச் செலவுக்கான சலுகை வேறு, இது வேறு. செலவுச் சலுகை பணம் உள்ளே போகும்போது கிடைப்பது. கண்டுபிடிப்பு தோற்றாலும் கிடைக்கும். பேட்டன்ட் பாக்ஸ் மறுமுனையில் இருக்கிறது. கண்டுபிடிப்பு ஜெயித்து, அதிலிருந்து லாபம் வந்த பிறகு, அந்த லாபத்துக்கு மட்டும் குறைந்த வரி. அந்த லாபம் எந்த நாட்டில் இருப்பதாகக் கணக்கில் எழுதப்படுகிறதோ அந்த நாட்டில்தான் சலுகை. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

நான் குழும நிறுவனங்களுக்கு இடையிலான விலைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். செந்தில் கேட்டதற்கு அந்தப் பழைய ஏற்பாட்டையே படிப்படியாகச் சொல்கிறேன்.

லக்சம்பர்க்கில் 2008-ல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. காப்புரிமை, வணிகச் சின்னம், மென்பொருள், இணைய முகவரி வரைக்கும், இவற்றிலிருந்து வரும் நிகர வருமானத்தில் 80 சதவீதத்துக்கு வரி கிடையாது. அன்றைய வரி 29 சதவீதத்துக்குச் சற்று மேல். ஐந்தில் ஒரு பங்குக்கு மட்டும் அந்த வரி என்றால், உண்மையில் கட்டும் வரி 6 சதவீதத்துக்கும் குறைவு.

இப்போது உங்கள் கூடம். லக்சம்பர்க் நிறுவனம் உங்கள் மியூனிக் நிறுவனத்துடன் ஒப்பந்த ஆய்வு ஒன்று போடும். "எங்களுக்காக ஆய்வு செய்யுங்கள். ஆகும் செலவையும் அதன்மேல் ஒரு சிறு சதவீதத்தையும் தருகிறோம். விளைவு எங்களுடையது." அதனால் விண்ணப்பமே முதல் நாளிலிருந்து லக்சம்பர்க் பெயரில் போகும். பிறகு உங்கள் தொழிற்சாலை அந்தக் காப்புரிமையைப் பயன்படுத்த லக்சம்பர்க்குக்கு ராயல்டி கட்டும்.

ராயல்டி 100 யூரோ என்று வையுங்கள். ஜெர்மனியில் அது செலவு, அதனால் அங்கே ஏறக்குறைய 30 யூரோ வரி குறைகிறது. லக்சம்பர்க்கில் 6 யூரோ கட்டுகிறார்கள். குழுமத்துக்கு 24 யூரோ மிச்சம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தொடர்புடைய நிறுவனங்களுக்கு இடையே ராயல்டி போனால் வழியில் வரி பிடிக்கக் கூடாது என்று 2003-லேயே ஒரு விதி இருக்கிறது, அதனால் இடையில் எதுவும் சிந்துவதில்லை.

ஏன் முதல் நாளிலிருந்தே அந்தப் பெயர் என்றால், காப்புரிமை மதிப்பேறிய பிறகு எல்லை தாண்டி விற்றால் ஜெர்மனி அந்த மதிப்புக்கு வரி கேட்கும். மதிப்பு என்னவென்றே யாருக்கும் தெரியாத நாளில் போனால் கேட்க ஒன்றும் இருக்காது.

ராமசாமி கோவை:

நல்ல தகவல் அம்மா. என் விஷயத்தையும் கேட்டுவிடுகிறேன். நான் பம்ப் செய்கிறேன். நீர் உறிஞ்சும் பகுதியில் ஒரு மாற்றத்துக்கு இந்தியக் காப்புரிமை என் பெயரில் இருக்கிறது. இந்தியாவிலும் காப்புரிமை வருமானத்துக்கு வரி 10 சதவீதம்தான் என்று ஒருவர் சொன்னார். பம்ப் விற்ற லாபத்தை அதில் காட்டலாமா?

கல்பனா ஆடிட்டர்:

ராமசாமி ஐயா, செந்தில் கேட்டது வேறு, ஆனாலும் உங்கள் கேள்விக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேள்விப்பட்டது 1961 வருமானவரிச் சட்டத்தில் 2016-ல் சேர்த்த 115பிபிஎஃப் பிரிவு. இந்தியாவில் உருவாக்கி இந்தியாவில் பதிவான காப்புரிமையின் ராயல்டிக்கு 10 சதவீதம், அதன்மேல் சர்சார்ஜ், செஸ். கண்டுபிடிப்புக்கு ஆன செலவில் குறைந்தது 75 சதவீதம் இந்தியாவில் நடந்திருக்க வேண்டும்.

உங்களுக்கு இது உதவாது. அந்தப் பிரிவு ராயல்டியை மட்டும்தான் சேர்க்கிறது. காப்புரிமை பெற்ற பொருளை விற்று வரும் பணத்தைச் சட்டமே வெளியே தள்ளிவிட்டது. நீங்கள் பம்ப் விற்கிறீர்கள், யாருக்கும் உரிமம் தரவில்லை.

நாளைக்கு யாருக்காவது உரிமம் கொடுத்தாலும் யோசித்துச் செய்யுங்கள். அந்த 10 சதவீதம் மொத்த ராயல்டிக்கு. ஒரு ரூபாய் செலவும் கழிக்க முடியாது. உங்களுக்கு 30 சதவீத வரி என்று வைத்தால், ராயல்டியில் மூன்றில் இரண்டு பங்கு செலவிலேயே போகிறதென்றால் இரண்டு வழியிலும் வரி ஒன்றுதான். அதற்கு மேல் செலவு இருந்தால் சாதாரண வரியே லாபம். இன்னொன்று, அந்தப் பிரிவு "உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர்" என்று கேட்கிறது. அது மனிதர்தானே. ஊழியரிடமிருந்து உரிமையை வாங்கிய கம்பெனிக்கு இது கிடைக்குமா என்பதில் எங்கள் துறையிலேயே ஒரே கருத்து இல்லை.

ராமசாமி கோவை:

அப்படியானால் பிரிட்டனில் செய்தால் பொருள் விற்ற லாபத்துக்கும் உண்டா?

மீனா லண்டன்:

உண்டு ஐயா. பிரிட்டனில் 2013 ஏப்ரலில் ஆரம்பித்தது. காப்புரிமை பெற்ற ஒரு பாகம் பொருளுக்குள் இருந்தால் போதும், அந்தப் பொருளின் விற்பனை வருமானம் கணக்குக்குள் வந்துவிடும். வழக்கமான லாபம் என்று ஒரு பங்கும், பிராண்டால் வரும் லாபம் என்று ஒரு பங்கும் கழித்த மீதிக்கு 10 சதவீதம். ஆனால் காப்புரிமையைப் பிரிட்டனோ, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகமோ, அவர்கள் பட்டியலில் உள்ள சில ஐரோப்பிய நாடுகளோ தந்திருக்க வேண்டும். இந்தியக் காப்புரிமை செல்லாது. அதோடு பிரிட்டனில் வரி கட்டும் நிறுவனமும் வேண்டும்.

சரி, செந்திலின் மீதிக் கேள்வி: இன்னும் நடக்கிறதா என்பது. 2013-ல் அன்றைய ஜெர்மன் நிதியமைச்சர் ஷொய்பிள இந்தச் சலுகைகளை வெளிப்படையாக எதிர்த்தார். பிரிட்டன் விடவில்லை. 2014 நவம்பரில் இரண்டு நாடுகளும் ஒரு சமரசத்துக்கு வந்தன, அதுவே 2015 அக்டோபரில் ஓஇசிடி விதியானது. சலுகை வேண்டுமென்றால் ஆய்வும் உங்களுடையதாக இருக்க வேண்டும். எவ்வளவு உங்களுடையது என்று அளக்க இந்தப் பின்னம்:

```
(a + b) × 1.3 ÷ (a + b + c + d)
```

a என்பது அந்த நிறுவனமே செய்த ஆய்வுச் செலவு. b வெளியாருக்குக் கொடுத்துச் செய்தது. c காப்புரிமையை விலைக்கு வாங்கியது. d தன் குழுமத்தின் இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுத்துச் செய்தது. விடை 1-ஐத் தாண்டினால் 1 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். லாபத்தில் அந்தப் பங்குக்கு மட்டும்தான் குறைந்த வரி.

உங்கள் லக்சம்பர்க் நிறுவனத்தை இதில் போட்டுப் பாருங்கள். a, b, c மூன்றும் பூச்சியம். எல்லாம் மியூனிக்குக்குக் கொடுத்தது, அதாவது d. விடையும் பூச்சியம். சலுகையே கிடையாது. ஆனால் பழைய சலுகையில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு 2021 ஜூன் 30 வரை அவகாசம் தந்தார்கள். அதற்குள் அந்தக் காப்புரிமைகள் சம்பாதித்ததெல்லாம் பழைய வரியில்தான்.

செந்தில் மியூனிக்:

மிக்க நன்றி. எங்கள் நிறுவனத்தில் அப்படித்தான் நடந்தது என்று நான் எப்படி உறுதி செய்வது? கணக்குப் பிரிவில் இதற்கு மேல் பேசமாட்டார்கள்.

மீனா லண்டன்:

அவர்களைக் கேட்கவே வேண்டாம். `register.epo.org` போய் உங்கள் காப்புரிமை எண்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். விண்ணப்பித்தவர் யார், கண்டுபிடித்தவர்களின் முகவரி எந்த நாடு, எந்தத் தேதி, உரிமை கை மாறியதா என்று எல்லாம் இருக்கும். கண்டுபிடித்தவர்கள் எல்லோரும் மியூனிக், விண்ணப்பித்தவர் மட்டும் லக்சம்பர்க் என்றால் அது முதல் அடையாளம். பிறகு லக்சம்பர்க் நிறுவனப் பதிவகத்தில் அந்த நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். பின்குறிப்புகளில் சராசரி ஊழியர் எண்ணிக்கை என்று ஒரு வரி இருக்கும். வருமானம் கோடிகளில், ஊழியர் பூச்சியமோ ஒன்றோ என்றால் அது இரண்டாவது.

தேவன் ஐந்தோவன்:

நான் நெதர்லாந்தில் ஐந்தோவனில் 40 பேர் வேலை செய்யும் ஒரு அளவீட்டுக் கருவி நிறுவனத்தில் பங்குதாரர். எங்களுக்கு இந்தச் சலுகை இருக்கிறது. இங்கே 2007-ல் தொடங்கியது. வரி ஒரு காலத்தில் 5 சதவீதம், பிறகு 7, 2021 முதல் 9. சாதாரண வரி 25.8. எங்கள் ஆய்வு முழுக்க இந்தக் கட்டிடத்தில்தான் நடக்கிறது. சலுகையில் மிச்சமாகும் பணத்தில்தான் இரண்டு பொறியாளர்களை வைத்திருக்கிறோம். லக்சம்பர்க் தபால் பெட்டியையும் எங்களையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியில்லை.

பிரிட்டனிலும் கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் இந்தச் சலுகையைக் காரணம் சொல்லித்தானே 2012-ல் புதிய தொழிற்சாலை அறிவித்தது?

மீனா லண்டன்:

தேவன், உங்களைப் போன்ற நிறுவனத்தை நான் தபால் பெட்டி என்று சொல்லமாட்டேன். அந்தப் பின்னத்தில் உங்களுக்கு 1 வரும்.

ஆனால் கிளாக்ஸோ உதாரணம் முழுதாகச் சொல்ல வேண்டியது. 2012 மார்ச்சில் 50 கோடி பவுண்டு முதலீடு, அதில் வடக்கே கும்ப்ரியாவில் அல்வர்ஸ்டன் என்ற சிறிய ஊரில் உயிரி மருந்து ஆலை என்று அறிவித்தார்கள். அந்த ஊருக்கு அது பெரிய செய்தி. 2017 ஜூலையில் அந்த ஆலையைக் கட்டப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். சலுகை மட்டும் தொடர்கிறது. அதில் அரசு விட்டுக்கொடுக்கும் வரி ஆண்டுக்கு நூறு கோடி பவுண்டுக்கு மேல். அதில் பெரும்பகுதி பெரிய நிறுவனங்களுக்குத்தான் போகிறது.

எனக்கு உறுத்துவது இதுதான். லாபம் வந்த பிறகு கொடுக்கும் சலுகை, ஏற்கெனவே ஜெயித்தவருக்குப் போகிறது. பத்து வருடம் முன்பே கண்டுபிடித்து முடித்த மருந்துக்கு இன்று வரி குறைத்தால் அந்த மருந்து இன்னொரு முறை கண்டுபிடிக்கப்படப்போவதில்லை.

தேவன் ஐந்தோவன்:

ஒரு ஆலை கட்டாததை வைத்து முடிவு செய்யக் கூடாது. வரிக்காகவே ஆலை போட்டார்கள் என்று நம்ப முடியாது என்றால், வரியால் ஆலை நின்றது என்றும் சொல்ல முடியாது. தோற்றதற்கும் ஜெயித்ததற்கும் ஒரே சலுகை கொடுத்தால் தோற்பவருக்கும் சேர்த்து நாம் கட்டுகிறோம். எங்கள் துறையில் ஒரு கருவி சந்தைக்கு வர ஏழெட்டு வருடம் ஆகிறது. கடைசியில் என்ன கிடைக்கும் என்று பார்த்துத்தான் வங்கியே பணம் தருகிறது.

மீனா லண்டன்:

வங்கி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வாளர்கள் உலகில் ஆய்வுக்கு அதிகம் செலவழிக்கும் நிறுவனங்களை மருந்து, கார், தகவல் தொழில்நுட்பம் என்று மூன்று துறைகளில் பார்த்தார்கள். சலுகை தந்த நாட்டுக்குக் காப்புரிமைகள் வந்தன, முக்கியமாக மதிப்பு மிக்கவை. வந்ததற்குப் பெரிய காரணம் வரிதான். உள்ளூரில் ஆய்வு நடக்க வேண்டும் என்று நிபந்தனை போட்ட இடங்களில் அந்த ஈர்ப்பு குறைந்தது.

செந்தில் மியூனிக்:

நேற்று இரவு உட்கார்ந்து பார்த்தேன். மீனா சொன்னபடியே இருக்கிறது. எட்டில் இரண்டு 2008-க்கு முன்பு விண்ணப்பித்தவை, இன்றும் ஜெர்மன் நிறுவனத்தின் பெயரில்தான். 2009 முதல் 2015 வரை ஐந்து, ஐந்தும் முதல் நாளிலிருந்தே லக்சம்பர்க். அந்த நிறுவனத்தின் பழைய கணக்கில் ஊழியர் எண்ணிக்கை பூச்சியம். நானும் இரண்டு நண்பர்களும் மூன்று குளிர்காலம் சோதனை மேடையின் முன் நின்று செய்தது அந்த ஐந்தில் ஒன்று. பார்த்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

எட்டாவது 2019. அது மறுபடி ஜெர்மன் நிறுவனத்தின் பெயரில்.

இதை எழுதும்போது இன்னொன்று நினைவுக்கு வருகிறது. புதிய கட்டுப்பாட்டு மென்பொருள் குழுவை நெதர்லாந்தில் அமைக்கப்போகிறோம் என்று இரண்டு மாதம் முன்பு கூட்டத்தில் சொன்னார்கள். திறமையானவர்கள் அங்கே கிடைக்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். எங்களில் பத்துப் பேரைப் போகச் சொல்கிறார்கள். இதுவும் அதேதானா?

மீனா லண்டன்:

உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, திறமைசாலிகள் காரணமும் உண்மையாக இருக்கலாம். கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன்.

அந்த மென்பொருளுக்கான ஆய்வுச் செலவு 100, அதில் நெதர்லாந்துக் குழு தானே செய்வது 60, மியூனிக்குக்குக் கொடுப்பது 40 என்று வையுங்கள். 60-ஐ 1.3-ஆல் பெருக்கினால் 78. அதாவது லாபத்தில் 78 சதவீதத்துக்கு 9 சதவீத வரி, மீதி 22-க்கு 25.8. மொத்தம் 100 யூரோ லாபத்துக்கு 12.7 யூரோ. மியூனிக்கிலேயே இருந்தால் ஏறக்குறைய 30. இன்னும் கொஞ்சம் ஆட்களை அங்கே மாற்றி, தானே செய்வது 77-ஐத் தொட்டால் பின்னம் 1 ஆகிவிடும், வரி 9.

2015-க்கு முன்பு காகிதம் மட்டும் போனது, நீங்கள் மியூனிக்கில் இருந்தீர்கள். இப்போது காகிதத்தோடு ஆட்களும் போனால்தான் சலுகை. உங்கள் எட்டாவது காப்புரிமை திரும்பி வந்ததும், பத்துப் பேரைப் போகச் சொல்வதும் அதே விதியின் இரண்டு பக்கமாக இருக்கலாம். லாபத்தை நகர்த்துவதை நிறுத்த எழுதிய விதி, ஆய்வுக்கூடத்தை நகர்த்துவதற்கு விலை வைத்துவிட்டது. ஓஇசிடி அதைத் தப்பு என்று சொல்லவில்லை. உண்மையான வேலை போனால் உண்மையான லாபமும் போகலாம் என்பது அவர்கள் நிலை. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, ஏனென்றால் நாடுகள் வரியைக் குறைத்து ஒன்றுக்கொன்று கூடங்களைப் பிடுங்கும் போட்டி அப்படியே இருக்கிறது.

அருண்மொழி:

நான் முதலில் சொன்னது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போது நிறைய நாடுகளில் 15 சதவீதக் குறைந்தபட்ச வரி வந்துவிட்டதே. 12.7 என்றால் மீதி 2.3-ஐக் கட்டித்தானே ஆக வேண்டும்?

மீனா லண்டன்:

எப்போதும் அப்படி இல்லை. முதலில், அது ஆண்டு விற்பனை 75 கோடி யூரோவைத் தாண்டும் குழுமங்களுக்கு மட்டும். தேவனின் நிறுவனத்தைத் தொடவே தொடாது. இரண்டாவது, 15 சதவீதத்தை ஒவ்வொரு காப்புரிமைக்கும் பார்ப்பதில்லை. ஒரு நாட்டில் அந்தக் குழுமத்துக்கு உள்ள எல்லா லாபத்தையும் சேர்த்துத்தான் சராசரி பார்க்கிறார்கள். நெதர்லாந்தில் அவர்களுக்கு 25.8 கட்டும் வேறு தொழிலும் இருந்தால் சராசரி 15-க்கு மேலே போய்விடும், கூடுதலாக எதுவும் கட்ட வேண்டாம். அதோடு சம்பளத்துக்கும் கட்டிடம், இயந்திரத்துக்கும் ஒரு கழிவு இருக்கிறது. ஆட்கள் நிறைய இருக்கும் கூடத்துக்கு அது சாதகம்.

தேவன் ஐந்தோவன்:

மீனா சொல்லாத ஒரு ஓட்டையை நான் சொல்கிறேன், நாங்கள் தினமும் பார்ப்பதால். பின்னத்தில் b-க்கு எல்லை இல்லை. வெளியார் ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுத்தால், அவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அது உங்கள் சொந்த ஆய்வு மாதிரியே சேர்ந்துவிடும். ஆனால் பக்கத்துத் தெருவில் இருக்கும் சொந்தச் சகோதர நிறுவனத்துக்குக் கொடுத்தால் அது d, உங்களுக்கு எதிராகப் போகும். எங்களிடமே மென்பொருளுக்கு என்று தனி நிறுவனம் ஒன்று இருந்தது, மாடிப்படிக்கு மேலே. அவர்கள் செய்த வேலை எல்லாம் d ஆனதால் அதை மூல நிறுவனத்தோடு இணைத்தோம். ஒரு நாற்காலிகூட நகரவில்லை, வரி குறைந்தது. இது எனக்கே சரியாகப் படவில்லை.

கல்பனா ஆடிட்டர்:

b-யை அப்படி விட்டதற்குக் காரணம், வெளியார் யாரும் ஒரு நிறுவனத்தின் மொத்த ஆய்வையும் செய்துகொடுக்க மாட்டார்கள், முக்கியமானதை யாரும் வெளியே கொடுக்க மாட்டார்கள் என்ற அனுமானம். மருந்துத் துறையில் அந்த அனுமானம் நிற்குமா என்பது எனக்குச் சந்தேகம். பரிசோதனைகளை முழுவதுமாக ஒப்பந்த ஆய்வு நிறுவனங்களிடம் கொடுப்பது அங்கே சாதாரணம்.

செந்தில் மியூனிக்:

எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும் பாக்கி. ஜெர்மனியில் ஊழியர் கண்டுபிடிப்புக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, 1957-லிருந்து. கண்டுபிடிப்பின் மதிப்பில் எங்களுக்கு ஒரு பங்கு தர வேண்டும். இத்தனை வருடம் எனக்கு வந்த தொகை, மியூனிக் நிறுவனம் லக்சம்பர்க்கிடமிருந்து பெற்ற ஒப்பந்த ஆய்வுக் கட்டணத்தை வைத்துக் கணக்கிட்டது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் தொழிற்சாலை லக்சம்பர்க்குக்குக் கட்டிய ராயல்டி அதைவிடப் பல மடங்கு இருந்திருக்க வேண்டும். எந்த மதிப்பை எடுக்க வேண்டும்?

மீனா லண்டன்:

நல்ல கேள்வி, எனக்கு விடை தெரியாத கேள்வியும்கூட. வரிக்கு எழுதிய ஒப்பந்தம் உங்கள் பங்கைக் கட்டுப்படுத்துமா என்பது தொழிலாளர் சட்டமும் காப்புரிமைச் சட்டமும் சேர்ந்த இடம். ஊழியர் கண்டுபிடிப்பு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரைப் பாருங்கள். போகும்போது ஐந்து காப்புரிமைகளின் பதிவுப் பக்கங்களையும், லக்சம்பர்க் நிறுவனத்தின் 2009 முதல் 2021 வரையான ஆண்டுக் கணக்குகளையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். அந்த ராயல்டித் தொகை எங்கேயாவது தெரியுமென்றால் அந்தக் கணக்குகளில்தான் தெரியும்.

செந்தில் மியூனிக்:

2009 முதல் 2014 வரை இறக்கிவிட்டேன். மீதியை நாளை எடுக்கிறேன். வழக்கறிஞரிடம் வியாழக்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது.